காயத்தின் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? ஒரு தீக்காயத்தின் 24 நாட்கள்

வன்கொடுமை நடந்த ஊருக்குச் செல்லும் உண்மை அறியும் குழுவினர் முதலில் செய்வது காயங்களைப் படம் எடுப்பதுதான். அன்று மாலைக்குள் அந்தப் படம் பலருடைய கைப்பேசிகளைச் சென்றடைந்துவிடும். பிறகு அதே காயத்தை யாரும் படம் எடுப்பதில்லை. ஆறு மாதங்கள் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது கையில் இருப்பது அந்த ஒற்றைப் படம் மட்டுமே. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு காயம் எவ்வளவு ஆழமானது, அதில் தொற்று ஏற்பட்டதா, எத்தனை நாளில் ஆறியது என்ற கேள்விகளுக்கு ஒருவராலும் விடை சொல்ல இயலாது. ஏனெனில், முதல் நாளின் தீக்காயம் இன்னும் தன் முழு வடிவத்தை அடைந்திருப்பதில்லை.

இக்கட்டுரையில் ஒரு கொதிநீர்க் காயத்தை 24 நாட்கள் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எதைக் காட்டுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு மாற்றமும் தீக்காயப் பிரிவுகளில் அன்றாடம் காணப்படுவது. பாக்கிக் கூலியைக் கேட்கச் சென்ற 32 வயதுத் தொழிலாளர் ஒருவர் மீது கொதிக்கும் நீர் வீசப்படுகிறது. வலது முன்கையின் உட்புறத்தில் 14 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட காயம். அவருடைய விரல்களையும் சேர்த்த உள்ளங்கையின் பரப்பு உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. காயம் அதில் பாதியளவு. பார்ப்பவருக்குச் சிறிய காயமாகத்தான் தோன்றும்.

முதல் நாள்: முடிவாகாத காயம்

சம்பவம் நடந்து மூன்று மணி நேரத்தில் எடுத்த முதல் படத்தில் பெரிய கொப்புளங்கள் இரண்டும் சிறியவை சிலவும் தெரிகின்றன. ஒரு கொப்புளம் உடைந்து, மேல்தோல் சுருண்டு, அடியில் ஈரமான இளஞ்சிவப்புப் பரப்பு வெளிப்பட்டிருக்கிறது. நடுவில் ஓரிடம் மட்டும் சற்றே வெளிறியிருக்கிறது.

தீக்காயத்தின் ஆழத்தைப் பொதுவாக நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். மேல்தோல் மட்டும் வெந்தால் கொப்புளம் இராது. ஒரு வாரத்திற்குள் ஆறிவிடும். உள்தோலின் மேற்பகுதி வரை வெந்தால் கொப்புளமும் ஈரமும் கடும் வலியும் இருக்கும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் ஆறும். உள்தோலின் ஆழப்பகுதி வரை சென்றால் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். நரம்புகள் பழுதுபடுவதால் வலி குறையும். ஆற மூன்று வாரங்களுக்கு மேலாகி, தழும்பு தடிக்கும். தோல் முழுவதும் வெந்துபோனால் அந்த இடம் வெண்மையாகவோ பழுப்பாகவோ கருகியோ தோல்பட்டை போல விறைத்துவிடும். தொட்டால் உணர்வே இராது.

இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் பிரித்தறிய மருத்துவர் கையாளும் எளிய சோதனை, உறையணிந்த விரலால் அழுத்தி எடுப்பது. அழுத்தும்போது வெளிறி, விரலை எடுத்ததும் நிறம் விரைவில் திரும்பினால் இரத்த ஓட்டம் இருக்கிறது என்று பொருள். மெதுவாகத் திரும்பினாலோ நிறம் மாறாமலே இருந்தாலோ ஆழம் கூடுதல். இந்தச் சோதனையைப் படத்தில் செய்ய முடியாது. வலி இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா என்பதையும் படம் சொல்லாது. ஆகவே முதல் நாளின் படத்தை மட்டும் பார்த்து ஆழத்தைத் தீர்மானிப்பவர் ஊகிக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

கருந்தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் பெரும்பாலும் மேல்தோலில் இருக்கிறது. கொப்புளம் உடைந்து மேல்தோல் உரிந்ததும் நிறமற்ற உள்தோல் வெளிப்படுகிறது. சுற்றியுள்ள கருந்தோலுக்கு நடுவே அந்த இளஞ்சிவப்பு, படத்தில் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரிந்து, ஆழமான தீக்காயம் என்ற தோற்றத்தைத் தரலாம். ஈரமாகப் பளபளக்கிறதா, வறண்டு மங்கியிருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். ஈரமும் பளபளப்பும் மேலோட்டமான காயத்தின் பக்கம் சாயும். வறட்சி ஆழமான காயத்தின் பக்கம் சாயும்.

மூன்றாம் நாள்: உண்மையான எல்லை தெரிகிறது

வெந்த இடத்தின் நடுப்பகுதியில் திசு அப்போதே இறந்துவிடுகிறது. அதைச் சுற்றி, இரத்த ஓட்டம் மந்தமாகி, பிழைக்கவும் கூடும் மடியவும் கூடும் என்ற நிலையில் ஒரு வளையம் இருக்கிறது. அதற்கும் வெளியே, இரத்தம் மிகுந்து சிவந்து, தானே மீளக்கூடிய வளையம். நடு வளையத்தின் கதி இரண்டு, மூன்று நாட்களில் முடிவாகிறது. உடனே 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்டுவது அந்த வளையத்தைக் காப்பாற்ற உதவும். சம்பவம் நடந்து மூன்று மணி நேரத்திற்குள் இதைச் செய்தாலும் பயனுண்டு. உடல் நீரிழப்பு, மீண்டும் மீண்டும் உராய்வு, தொற்று ஆகியவை அதை மடியச் செய்யும்.

நம் எடுத்துக்காட்டில் மூன்றாம் நாளின் படம் முதல் படத்திலிருந்து வேறுபடுகிறது. ஓரங்கள் ஈரமான இளஞ்சிவப்பாகவே உள்ளன. முதல் நாளில் சற்றே வெளிறியிருந்த நடுப்பகுதி இப்போது 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் அளவில், வெண்மையும் அடர்சிவப்பும் கலந்த திட்டாகத் தெளிவடைந்திருக்கிறது. புதிதாக யாரும் அவரைக் காயப்படுத்தவில்லை. முதல் நாளிலேயே நேர்ந்த சேதம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் படத்தையும் மூன்றாம் நாள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், பின்னர் ஏதோ செய்து காயத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று வாதிடக்கூடும். தீக்காயம் முதல் 72 மணி நேரத்தில் ஆழம் கூடுவது மருத்துவம் நன்கறிந்த இயல்பு என்பதே அதற்கான விடை.

ஆறாம் நாள்: சீழ் போலத் தெரிவதெல்லாம் சீழ் அன்று

ஆறாம் நாள் கட்டுப் பிரித்தபோது எடுத்த படத்தில் காயம் முழுவதும் மஞ்சளும் சாம்பலும் கலந்த தடித்த படலம். வீட்டார் அஞ்சுகிறார்கள். படம் அனுப்பப்பட்ட நண்பர்களும் ‘சீழ் பிடித்துவிட்டது’ என்கிறார்கள். நம்முடைய கண்களும் அவ்வாறே சொல்லும்.

ஆனால் காயத்தின் மேல் தெரியும் மஞ்சளுக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, காயத்திலிருந்து கசியும் நீரிலுள்ள ஃபைப்ரின் என்னும் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும் படலம். இது ஆறுதலின் ஒரு பகுதி. இரண்டாவது, இறந்த திசு மென்மையாகிக் கழன்றுவரும் நிலை. மூன்றாவது, தடவிய மருந்து. அரசு மருத்துவமனைகளில் தீக்காயத்திற்குப் பரவலாகத் தரப்படும் சில்வர் சல்ஃபாடயாசின் என்னும் வெள்ளைக் களிம்பு, காயக் கசிவோடு கலந்து மஞ்சள்-சாம்பல் நிறப் படலமாக இறுகும். சீழோ ஆழக்காயமோ என்று அனுபவம் குறைந்த மருத்துவப் பணியாளர்களையே குழப்பக்கூடிய தோற்றம் அது. நான்காவதுதான் உண்மையான சீழ்.

படத்தில் இவற்றைப் பிரித்தறியச் சில குறிப்புகள் உண்டு. சீழ் நீர்மம், தாழ்ந்த பக்கமாக வழியும், கட்டுத்துணியில் ஊறியிருக்கும், துடைத்தால் வந்துவிட்டு மீண்டும் ஊறும். படலமோ ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். ஆகையால் பிரித்த கட்டுத்துணியையும் தனியே ஒரு படம் எடுப்பது நல்லது. உப்புநீரால் மெதுவாகக் கழுவுவதற்கு முன் ஒரு படம், கழுவிய பின் ஒரு படம் என்பது இன்னும் நல்லது. நம் எடுத்துக்காட்டில், செவிலியர் கழுவியதும் படலத்தின் பெரும்பகுதி நீங்கி, ஓரங்களில் சுத்தமான இளஞ்சிவப்புப் பரப்பு வெளிப்பட்டது. நடுத்திட்டில் மட்டும் மஞ்சள் ஒட்டியே நின்றது. சுற்றியுள்ள தோலில் வீக்கமில்லை. வலியும் முன்பைவிடக் குறைந்திருந்தது. இது தொற்றன்று.

வீட்டு வைத்தியமும் படத்தைக் குழப்பும். மஞ்சள்தூள், பற்பசை, இங்க் போன்றவை பூசிய காயத்தைப் பார்த்து ஆழம் சொல்லவே முடியாது. ஊதா மருந்தும் அயோடின் கரைசலும் காயத்தின் நிறத்தையும் சுற்றுத் தோலின் நிறத்தையும் மறைத்துவிடும். எது பூசப்பட்டது என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதி வைக்காவிட்டால், பின்னர் பார்க்கும் மருத்துவர் மருந்தின் நிறத்தை நோயின் நிறமாகக் கொள்ள நேரிடும்.

பச்சை நிறம் பற்றியும் ஒரு சொல். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியம் நீலப்பச்சை நிறமியைச் சுரப்பதால் காயக்கட்டில் பச்சைக் கறை படியும். படம் அதைக் காட்டும். ஆனால் கிருமி காயத்தின் மேற்பரப்பில் குடியிருப்பது வேறு, உயிருள்ள திசுவுக்குள் ஊடுருவுவது வேறு. திறந்த காயம் ஒவ்வொன்றிலும் கிருமிகள் இருக்கும். தொற்று என்று சொல்ல, உடல் அவற்றுக்கு எதிராகப் போராடும் அடையாளங்கள் காயத்தைச் சுற்றித் தெரிய வேண்டும்.

எட்டாம் நாள்: தொற்றின் அடையாளம் காயத்தின் ஓரத்தில்

எட்டாம் நாளில் அந்த அடையாளங்கள் தெரிந்தன. அவர் வேலைக்குச் செல்ல முயன்றிருந்தார். கட்டு நனைந்து அழுக்கேறியிருந்தது. இரவு காய்ச்சல் கண்டது. படத்தில் காயத்தின் நடுப்பகுதி ஆறாம் நாளில் இருந்ததைப் போலத்தான் இருக்கிறது. காயத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்திருந்தால் மாற்றம் எதுவும் தெரிந்திராது. மாற்றம் காயத்திற்கு வெளியே இருந்தது.

தொற்றின் பழைய அடையாளங்கள் சிவத்தல், வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கு. சீழையும் சேர்த்தால் ஐந்து. வெப்பத்தையும் வலியையும் படம் காட்டாது. எஞ்சிய மூன்றில் ‘சிவத்தல்’ என்ற சொல்லே வெளிர்தோலைப் பார்த்து எழுதப்பட்டது. கருந்தோலில் அது சிவப்பாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிட அடர்ந்த கருமையாகவோ ஊதாச் சாயலாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ தெரியும். சில நேரங்களில் நிற மாற்றமே கண்ணுக்குப் புலப்படாது. மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெளிர்தோலின் மீது எடுக்கப்பட்டவை. இந்தக் குறையைச் சுட்டி, கருந்தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தெரியும் என்பதைத் தொகுத்த ‘மைண்ட் தி கேப்’ என்னும் கையேடு, லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டேயும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2020ஆம் ஆண்டில் உருவாக்கியது. தோலின் நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் வெயிலில் உழைக்கும் மனிதரின் கரிய தோலில் ‘சிவப்பு இல்லை, ஆகவே தொற்று இல்லை’ என்று எழுதப்படும் குறிப்பு அவருடைய சிகிச்சையையும் தாமதப்படுத்தும், வழக்கையும் பாதிக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வீக்கத்தைப் பார்க்க வேண்டும். தோலின் இயல்பான நுண்கோடுகளும் மடிப்புகளும் மறைந்து, தோல் இழுத்துக் கட்டியதைப் போல மினுங்கும். மணிக்கட்டின் எலும்பு மேடும் நரம்புகளின் தடமும் தெரியாமல் போகும். இதை அறிய மிக எளிய வழி இரு கைகளையும் அருகருகே வைத்து ஒரே படமாக எடுப்பது. காயம்படாத கைதான் ஒப்பிடத்தக்க அளவுகோல். நம் எடுத்துக்காட்டில் இடது மணிக்கட்டில் நரம்புகள் தெளிவாகத் தெரிய, வலது மணிக்கட்டு உருண்டு மினுங்கியது. காயத்தின் கீழ் ஓரத்தைச் சுற்றி அடர்ந்த ஊதாச் சாயல் ஒரு பட்டையாக இருந்தது.

காயத்தின் ஓரத்தில் முதல் சில நாட்கள் மெல்லிய நிற மாற்றம் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் சுருங்க வேண்டும். மாறாக விரிந்தால் தொற்று. நீரிழிவுப் பாதப் புண்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்களில், சிவத்தல் புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் பரவியிருப்பது மேலோட்டமான தொற்றைத் தாண்டிவிட்டதற்கான வரம்பாகக் கொள்ளப்படுகிறது. தீக்காயத்திற்கு அது அப்படியே பொருந்தாவிட்டாலும், அளந்து பார்க்கும் பழக்கம் பொருந்தும். நிறம் மாறிய எல்லையைப் பேனாவால் தோலின் மீதே கோடிட்டு, நேரத்தை அருகில் எழுதிப் படம் எடுக்க வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். நிற மாற்றம் கோட்டைத் தாண்டியிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. நம் எடுத்துக்காட்டில் அது கோட்டை 2 சென்டிமீட்டர் தாண்டியிருந்தது. அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கப்பட்டது.

இன்னும் ஆபத்தான அடையாளங்கள் சில உண்டு. இளஞ்சிவப்பாக இருந்த பகுதி திடீரெனக் கரும்பழுப்பாகவோ கருப்பாகவோ மாறுவது, காயமில்லாத தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றுவது, காயத்திலிருந்து அக்குள் நோக்கிக் கோடு ஓடுவது ஆகியவை தெரிந்தால் படத்தை யாருக்கு அனுப்புவது என்று யோசிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை எந்தப் படத்திலும் தெரியாதவை; ஆனால் படத்தில் தெரியும் எதையும்விட அவசரமானவை.

11 முதல் 24ஆம் நாள் வரை: ஆறுதல் எப்படித் தெரியும்

11ஆம் நாளின் படத்தில் ஓரப்பகுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கின்றன. தோல் ஓரத்திலிருந்து மட்டும் வளர்ந்து வருவதில்லை. உள்தோலின் மேற்பகுதி மட்டும் வெந்த இடங்களில், மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் எஞ்சியிருக்கும் செல்களிலிருந்து புதிய மேல்தோல் சிறுசிறு தீவுகளாகக் கிளம்பி ஒன்றோடொன்று சேர்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஈரமான பரப்பின் நடுவே முத்துப் போன்ற வெளிறிய புள்ளிகள் தெரியும். சிறிது காலம் சென்றதும் மயிர்க்கால்களைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகளாக நிறமும் திரும்பத் தொடங்கும். மூடிய இடம் பளபளப்பை இழந்து வறண்டிருக்கும். காயம் ஆறியதற்கான நம்பத்தக்க குறி அதுவே. நிறம் மட்டும் குறியன்று; மூடிய தோல் பல மாதங்கள் வெளிறியோ மிகக் கறுத்தோ இருக்கக்கூடும்.

நடுத்திட்டில் அத்தகைய தீவுகள் இல்லை. அங்கே மயிர்க்கால்கள் மடிந்துவிட்டன; தொற்று அதை மேலும் ஆழமாக்கிவிட்டது. 16ஆம் நாளின் படத்தில் அந்த இடம் 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் என்ற அளவிலேயே திறந்திருக்கிறது. ஆனால் மஞ்சள் படலம் நீங்கி, சிவந்த, குருணை குருணையான புதுச் சதை நிரம்பியிருக்கிறது. இது நல்ல குறி. புதுச் சதை ஒளிரும் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். மங்கிய பழுப்பாகி, தொட்டவுடன் இரத்தம் கசிந்தால் மீண்டும் தொற்றோ இரத்த ஓட்டக் குறைவோ இருப்பதாக ஐயுற வேண்டும். 24ஆம் நாளில் திறந்த பகுதி 2 சென்டிமீட்டருக்கு 1.5 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. மூன்று வாரங்களைத் தாண்டிய இவ்விடத்தில் தடித்த தழும்பு வருவதற்கு வாய்ப்பு அதிகம். தோல் ஒட்டு தேவையா என்பதை அறுவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

பதினைந்து நாட்களின் பொருள்

இந்த நாட்கணக்கு மருத்துவத்தோடு முடிவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு கொடுங்காயத்தை வரையறுக்கிறது. அதன் எட்டாவது வகை, உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் காயத்தையும், பாதிக்கப்பட்டவரை 15 நாட்கள் கடும் உடல் வலியிலோ தம் வழக்கமான பணிகளைச் செய்ய இயலாத நிலையிலோ வைத்திருக்கும் காயத்தையும் உள்ளடக்கியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் இது 20 நாட்களாக இருந்தது. 118ஆம் பிரிவின்படி, சூடான பொருளால் சாதாரணக் காயம் விளைவித்தால் தண்டனை மூன்று ஆண்டுகள் வரை. அதே செயலால் கொடுங்காயம் விளைந்தால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டுகள் வரை, அல்லது ஆயுள் தண்டனை.

நம் எடுத்துக்காட்டின் முதல் நாள் விபத்துப் பதிவேட்டில் ‘கொப்புளங்கள், சாதாரணக் காயம்’ என்று எழுதப்பட்டிருந்தால், முதல் நாள் படமும் அதை மறுக்காது. 16ஆம் நாளில் திறந்தே கிடக்கும் காயத்தின் படம்தான் மறுக்கும். எனினும் படம் மட்டும் போதாது என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். காயம் ஆறவில்லை என்பதும், மருத்துவமனையில் இருந்தார் என்பதும் தாமாகவே சட்டத்தின் நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. கடும் வலி நீடித்தது அல்லது வேலை செய்ய முடியவில்லை என்பதை மருத்துவரின் குறிப்பும், வலி மருந்துச் சீட்டும், அவரை வேலைக்கு அழைத்தவர்களின் சாட்சியமும் காட்ட வேண்டும். படம் அவற்றைத் தாங்கி நிற்கும், அவற்றுக்கு மாற்றாகாது. இறுதிக் காயச் சான்றிதழ் வழங்கப்படும் முன்பே, நாள்வாரிப் படங்களை மருத்துவரிடம் காட்டித் தொடர்ச்சியான நிலையைப் பதிவு செய்யுமாறு எழுத்தில் கோரலாம்.

படம் எடுக்கும் முறை

ஒப்பிடத்தக்க படங்கள்தான் மேலே சொன்ன அனைத்தையும் காட்டும். அதற்குச் சில ஒழுங்குகள் போதும்.

ஒவ்வொரு முறையும் மூன்று படங்கள்: உடலின் எந்தப் பகுதி என்று தெரியும்படி தொலைவிலிருந்து ஒன்று, காயமும் சுற்றிலும் ஒரு கையகலத் தோலும் தெரியும்படி ஒன்று, நெருக்கமாக ஒன்று. தொற்று ஓரத்தில்தான் தெரியும் என்பதால் இரண்டாவது படமே மிக முக்கியமானது.

காயத்தின் அருகே, அதே மட்டத்தில், சென்டிமீட்டர் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். 45 பாகை சாய்வில் எடுத்தால் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள காயம் 5 சென்டிமீட்டராகத் தெரியும். ஆறாத காயம் ஆறியதாகத் தோன்ற கோணம் ஒன்றே போதும். முன்கை உருண்டையானது, ஆகவே காயம் பக்கவாட்டில் வளைந்து சென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியே எடுக்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், நேரடி வெயிலின்றி எடுப்பது நல்லது. ஃபிளாஷ் ஈரப் பரப்பில் பட்டு வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். அதை இறந்த திசு என்று தவறாகக் கொள்ளக்கூடும். கைப்பேசி நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் எல்லாக் காயமும் மஞ்சளாகத் தெரியும். சட்டகத்துக்குள் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால், அந்தத் தாள் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதைக்கொண்டு எஞ்சிய நிறங்களை மதிப்பிடலாம். அந்தத் தாளிலேயே தேதியையும் நேரத்தையும் எழுதிவிடலாம். முகத்தை அழகூட்டும் வடிகட்டிகளை அணைத்துவிட வேண்டும்.

மூலப்படத்தைத் திருத்தாமல், வெட்டாமல் காக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் போன்ற உட்பதிவுகள் நீங்கிவிடுகின்றன. கோப்பாக அனுப்புவது மேல். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் குறிக்கப்படுகிறது. எடுத்த கைப்பேசியும் மூலக்கோப்பும் இருந்தால்தான் அது எளிதாகும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் போக வேண்டிய படம் பொதுவெளிக்குப் போவதற்கு, பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் தனியே வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் படம் வெப்பத்தை உணராது, வாடையை அறியாது, வலியைக் கேட்காது. ஆகவே ஒவ்வொரு படத்தோடும் நான்கு வரிகள் எழுதி வைப்போம்: இன்று வலி எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, காயத்தின் மீது என்ன பூசப்பட்டது, இன்று எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளரின் 16ஆம் நாள் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி இது: ‘மண்வெட்டியைப் பிடிக்க முடியவில்லை.’ அந்த வரியோடு சேரும்போதுதான் அன்றைய படம் சான்றாகிறது.